மணப்பெண் படத்தை ஆன்லைனில் போட எஸ்ஆர்ஜிபியா, டிஸ்ப்ளே பி3யா, அடோபி ஆர்ஜிபியா?

ரீடச் வேலையெல்லாம் முடிந்து படத்தை வெளியே அனுப்பும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி வந்து நிற்கும். எக்ஸ்போர்ட் பெட்டியில் நிறவெளி என்று, அதாவது படத்தின் நிறங்கள் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று, கேட்கும் ஓர் இடம் இருக்கிறது; அதில் எதைத் தேர்ந்தெடுப்பது? "பெரிய நிறவெளி என்றால் நிறம் அதிகம், அதையே போடு" என்பார் ஒருவர். "ஆன்லைன் என்றாலே எஸ்ஆர்ஜிபிதான், யோசிக்காதே" என்பார் இன்னொருவர். முதல் ஆலோசனையைக் கேட்டவர்களின் படங்களில் முகம் சோகை பிடித்தது போல வெளிறிப் போகிறது. இரண்டாவதைக் கேட்டவர்களின் படங்களில் முகம் நன்றாக இருக்கிறது, பட்டுப் புடவை மட்டும் மடிப்பே இல்லாத ஒரே சிவப்புத் திட்டாகிவிடுகிறது.

இரண்டு தொல்லையும் ஒரே படத்தில் வரக்கூடியது மணப்பெண் போட்ரெய்ட்டில்தான். மாநிறத் தோல், அரக்குச் சிவப்பு முகூர்த்தப் பட்டு, நெற்றியில் குங்குமம், பின்னால் மங்கலாகக் கரையும் திரை. இந்த ஒரு படத்தை வைத்தே மூன்று நிறவெளிகளையும் எடைபோடலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முகத்துக்கு எஸ்ஆர்ஜிபி போதும். பெரிய நிறவெளி வேண்டுமா என்ற கேள்வி புடவைக்காகத்தான் எழுகிறது.

## மூன்றும் எங்கிருந்து வந்தவை

எஸ்ஆர்ஜிபியை 1996-ல் எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் அன்றைய சாதாரண கம்ப்யூட்டர் மானிட்டரை அளவாக வைத்து முன்மொழிந்தன. 1999-ல் அது சர்வதேசத் தரமானது. எந்தக் குறிப்பும் இல்லாத படத்தை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்வது வலையின் வழக்கம்.

அடோபி ஆர்ஜிபி 1998-ல் வந்தது. அச்சு மையில் கிடைக்கும் பச்சையையும் பச்சைநீலத்தையும் எட்டுவதற்காகச் செய்யப்பட்டது. எஸ்ஆர்ஜிபியைவிடப் பச்சைப் பக்கம் நன்றாக நீண்டிருக்கும். ஆனால் சிவப்பு முனை, நீல முனை இரண்டும் எஸ்ஆர்ஜிபியில் இருக்கும் அதே புள்ளிகள்தான். இதைப் பலர் கவனிப்பதில்லை.

டிஸ்ப்ளே பி3 ஆப்பிள் கொண்டுவந்தது. டிஜிட்டல் சினிமாவின் பி3 நிறங்களை எடுத்து, மானிட்டருக்குரிய வெண்மையோடு சேர்த்தது. 2015 ஐமேக்கிலும் 2016-ல் ஐபோன் 7-லும் வந்து பிறகு பரவியது. இதில் சிவப்பு முனையும் தள்ளிப் போகிறது, பச்சை முனையும் தள்ளிப் போகிறது. நீல முனை மட்டும் மூன்றிலும் ஒன்றே.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் நான்கு கேள்விகளைத்தான் கேட்பேன். வழியில் எங்காவது ப்ரொஃபைல் தொலைந்துபோனால் முகம் என்ன ஆகும்? பார்ப்பவரின் திரையில் கூடுதல் நிறம் உண்மையிலேயே தெரியுமா? புடவையின் மடிப்பும் ஜரிகையும் பிழைக்குமா? கடைசியாக, இதற்காக நமக்குக் கூடுதலாக ஆகும் வேலையும் செலவும் என்ன?

இதில் முதல் கேள்விதான் கனமானது. படக் கோப்பில் இருப்பவை வெறும் எண்கள். எந்த நிறவெளியின் எண்கள் என்று சொல்வது அதோடு ஒட்டியிருக்கும் ப்ரொஃபைல். அது போய்விட்டால், தூரம் "பத்து" என்று எழுதி மைலா கிலோமீட்டரா என்று சொல்லாமல் விட்ட கதைதான். பார்ப்பவரின் பிரவுசர் எஸ்ஆர்ஜிபி என்று வைத்துக்கொண்டு காட்டிவிடும்.

அப்படிக் காட்டினால் முகம் எவ்வளவு மாறும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மாநிறக் கன்னத்தின் நடுத்தர வெளிச்சப் பகுதி எஸ்ஆர்ஜிபியில் சிவப்பு 150, பச்சை 100, நீலம் 75 என்று வைத்துக்கொள்வோம். இதே நிறத்தை அடோபி ஆர்ஜிபிக்கு முறையாக மாற்றினால் எண்கள் 137, 100, 77 ஆகும். டிஸ்ப்ளே பி3-ல் 143, 102, 79. ப்ரொஃபைல் இருக்கும்வரை மூன்றும் ஒரே கன்னம்தான். ப்ரொஃபைல் போனால், அடோபி ஆர்ஜிபி கோப்பில் சிவப்பு 13 படி குறைந்து, பச்சையும் நீலமும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். அதாவது முகத்திலிருந்து ரத்த ஓட்டத்தை மட்டும் உறிஞ்சியெடுத்த நிலை. பி3-ல் இழப்பு ஏழு படி, ஏறக்குறையப் பாதி. எஸ்ஆர்ஜிபி கோப்பில் எதுவும் மாறாது.

## எஸ்ஆர்ஜிபி

சாதாரண வெளிச்சத்தில் மனிதத் தோலின் எந்த நிறமும் எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்கிவிடும். வெளுத்த தோலும் சரி, நல்ல கருமையும் சரி. எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்காத நிறத்தைச் சாம்பலாக்கிக் காட்டும் எல்லை எச்சரிக்கையை ஃபோட்டோஷாப்பில் போட்டால் முகத்தில் ஒரு புள்ளிகூடச் சாம்பலாகாது. குத்துவிளக்கு வெளிச்சத்தில் மட்டும் எடுத்த படம் விதிவிலக்கு. அங்கே தோலின் ஆரஞ்சு முற்றி, நீலச் சேனல் பூஜ்யத்தைத் தொடும்.

இன்னொரு விதிவிலக்கு ரிசப்ஷன் மேடையின் நீல எல்இடி விளக்கு. ஆனால் அதைப் பெரிய நிறவெளியும் காப்பாற்றாது, ஏனென்றால் நீல முனை மூன்றுக்கும் பொது. அந்தத் திட்டை ரா கோப்பிலேயே நிறச்செறிவைக் குறைத்துச் சரிசெய்தால்தான் உண்டு.

எஸ்ஆர்ஜிபியின் மறைவான செலவு புடவையில் இருக்கிறது. அரக்குச் சிவப்பு, ராணி பிங்க், மயில்கழுத்துப் பச்சைநீலம் மூன்றும் பட்டின் பளபளப்போடு சேரும்போது எஸ்ஆர்ஜிபியின் வேலியைத் தாண்டும். வேலிக்கு வெளியே இருப்பதை மாற்றும்போது மென்பொருள் பதமாகச் சுருக்காது, விளிம்பில் வெட்டிவிடும். பெர்செப்சுவல் முறையைத் தேர்ந்தெடுத்தால் பதமாகச் சுருக்கும் என்று நினைத்து அதைத் தட்டுபவர்கள் உண்டு. வழக்கமாகக் கிடைக்கும் எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலில் அதற்கான அட்டவணையே கிடையாது. எதைத் தட்டினாலும் அதே வெட்டுதான்.

வெட்டு எப்படி விழுகிறது என்று கிட்டத்தில் பார்க்கலாம். புடவை மடிப்பில் மூன்று புள்ளிகள். பி3-ல் மூன்றிலும் சிவப்பு 225. பச்சை மட்டும் ஒன்றில் 20, ஒன்றில் 32, ஒன்றில் 45. மடிப்பின் பள்ளம், சரிவு, மேடு என்று கண்ணுக்குத் தெரிவது இந்த வித்தியாசத்தில்தான். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றினால் மூன்றிலும் பச்சை 0. சிவப்பு 225 இருக்கும் இடத்தில் பச்சை ஏறக்குறைய 49-க்குக் கீழே இருந்தாலே இந்த கதிதான். மூன்று நிலையும் ஒன்றாகி, மடிப்பு தட்டையாகிவிடுகிறது.

இது நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. மாற்றிய படத்தில் சேனல்கள் பலகையைத் திறந்து பச்சைச் சேனலை மட்டும் பாருங்கள். புடவை இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பே இல்லாத கறுப்பு மட்டும் தெரிந்தால், வெட்டு விழுந்துவிட்டது.

## அடோபி ஆர்ஜிபி

போட்ரெய்ட்டை ஆன்லைனில் பகிர்வதற்கு இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. சிவப்பு முனை எஸ்ஆர்ஜிபியில் இருப்பதேதான் என்பதால் அரக்குப் புடவைக்குப் பெரிய லாபமில்லை. மயில்கழுத்துக்கு லாபம் உண்டு. ஆனால் அந்த நிறத்தை முழுதாகக் காட்டும் திரை போட்டோகிராபர்களிடமும் டிசைனர்களிடமும்தான் இருக்கும், கல்யாண வீட்டாரின் கையில் இருக்காது. ப்ரொஃபைல் தொலைந்தால் முகத்துக்கு விழும் அடியும் பி3-ஐவிட இருமடங்கு.

கேமராவில் நிறவெளியை அடோபி ஆர்ஜிபி என்று வைத்து ஜேபெக் எடுப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில கேமராக்கள் அந்த ஜேபெக்கில் முழு ப்ரொஃபைலை ஒட்டுவதில்லை, எக்ஸிஃபில் ஒரு சிறு குறிப்பை மட்டுமே வைக்கின்றன. பல மென்பொருள்கள் அந்தக் குறிப்பைப் பார்ப்பதே இல்லை. கோப்பின் பெயர் `_DSC` அல்லது `_MG_` என்று அடிக்கோட்டோடு தொடங்கினால் அது அடோபி ஆர்ஜிபியில் எடுத்தது என்று பெரும்பாலும் புரிந்துகொள்ளலாம். ரா எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். கேமராவின் நிறவெளி அமைப்பு ரா தரவைத் தொடாது.

அச்சுக்கு, அதுவும் லேப் கேட்டால், அடோபி ஆர்ஜிபி நல்ல தேர்வு. வேலைக் கோப்பாக வைத்துக்கொள்ளவும் நல்லது. அப்படியே ஆன்லைனுக்கு அனுப்புவதுதான் கூடாது.

## டிஸ்ப்ளே பி3

யோசிக்க வைக்கும் தேர்வு இதுதான். சிவப்பு முனை தள்ளிப் போவதால் மேலே சொன்ன மூன்று மடிப்புப் புள்ளிகளும் தனித்தனியாகப் பிழைக்கும். ராணி பிங்க்கிலும் வித்தியாசம் தெரியும். கடந்த பல ஆண்டுகளாக வந்த ஐபோன், ஐபேட், மேக்புக் திரைகளும் விலை கூடிய ஆண்ட்ராய்டு போன்களும் இந்த நிறங்களைக் காட்டக்கூடியவை. இன்றைய பிரவுசர்கள் ஒட்டியிருக்கும் ப்ரொஃபைலை மதிக்கின்றன.

ஆனால் திரை பி3 இல்லையென்றால்? பார்ப்பவரின் கருவி அந்த இடத்திலேயே படத்தை எஸ்ஆர்ஜிபிக்கோ அதற்கும் கீழோ வெட்டிக்கொள்ளும். மலிவான லேப்டாப் திரைகள் பல எஸ்ஆர்ஜிபியையே முழுதாகக் காட்டாதவை. ஆக, வெட்டு எப்படியும் விழுகிறது. யார் கையால் விழுகிறது என்பதுதான் வேறுபாடு. எஸ்ஆர்ஜிபி கொடுத்தால் எந்த மடிப்பைக் காப்பாற்றலாம் என்று ரீடச் செய்பவர் பார்த்து முடிவு செய்கிறார். பி3 கொடுத்தால், சாதாரணத் திரைக்காரர்களுக்கு அந்த முடிவை ஒரு மென்பொருள் கண்மூடித்தனமாக எடுக்கிறது. எனக்கு இதுதான் பெரிய உறுத்தல்.

இன்னொரு மறைவான செலவு நம் மேசையில் இருக்கிறது. பி3 படம் தயாரிக்கப் பி3-ஐக் காட்டும் மானிட்டர் வேண்டும், அதை அளவிட்டுச் சரிசெய்ய ஒரு கலர் அளவி வேண்டும். எஸ்ஆர்ஜிபி மானிட்டரில் உட்கார்ந்து பி3 படம் அனுப்பினால், நாம் பார்க்காத நிறத்தைப் பார்க்காமலேயே அனுப்புகிறோம். குங்குமமும் உதட்டுச்சாயமும் அங்கே எவ்வளவு கொதிக்கின்றன என்று நமக்குத் தெரியாது.

## ஒரே பார்வையில்

| கேள்வி | எஸ்ஆர்ஜிபி | டிஸ்ப்ளே பி3 | அடோபி ஆர்ஜிபி |
|---|---|---|---|
| ப்ரொஃபைல் தொலைந்தால் முகம் | மாறாது | லேசாக வெளிறும் | நன்றாகவே வெளிறும் |
| கூடுதல் நிறம் யாருக்குத் தெரியும் | கூடுதல் இல்லை | நல்ல போன், மேக் வைத்திருப்பவர்களுக்கு | தொழில்முறை மானிட்டர் சிலருக்கு |
| அரக்குப் பட்டின் மடிப்பு | கையால் காப்பாற்ற வேண்டும் | பெரும்பாலும் தானே பிழைக்கும் | கையால் காப்பாற்ற வேண்டும் |
| கூடுதல் செலவு | புடவைக்கு ஒரு மாஸ்க், சில நிமிட வேலை | பி3 மானிட்டர், இரட்டைக் கோப்பு | லாபத்துக்குப் பொருந்தாத ஆபத்து |

## அதே படத்தை எஸ்ஆர்ஜிபிக்குக் கொண்டுவரும் முறை

வேலைக் கோப்பு 16 பிட்டில், பெரிய நிறவெளியில் இருக்கட்டும். எட்டு பிட்டில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். அவற்றைப் பெரிய வெளியில் பரப்பினால் படிக்கும் படிக்கும் இடைவெளி கூடும். மிருதுவாக்கிய கன்னத்திலும் பின்திரையின் கரைசலிலும் பட்டை பட்டையாகக் கோடு விழுவதற்கு அது ஒரு காரணம்.

ஃபோட்டோஷாப்பில் View மெனுவின் Proof Setup-ல் Internet Standard RGB (sRGB) என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, Gamut Warning-ஐப் போடுங்கள். வேலி தாண்டிய இடங்கள் சாம்பலாகும். நம் மணப்பெண் படத்தில் முகம் சுத்தமாக இருக்கும். தோளில் வெளிச்சம் விழும் மடிப்புகளும் முந்தானையும் திட்டுத் திட்டாகச் சாம்பலாகும்.

அப்புறம் ஒரு Hue/Saturation லேயர். சிவப்புகளை மட்டும் எடுத்து, செறிவை -10 என்று வைத்துத் தொடங்குங்கள். மாஸ்க்கில் முகத்தையும் உதட்டையும் மறைத்துவிட வேண்டும்; இல்லையென்றால் அவள் முகத்தின் உயிரும் சேர்ந்து குறையும். சாம்பல் முழுதாகப் போக வேண்டும் என்று துரத்த வேண்டாம். மடிப்பின் உச்சியில் கொஞ்சம் மிச்சமிருந்தால் பரவாயில்லை. சரிவுகள் வேலிக்குள் வந்தால் போதும். இருட்டாக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்து வெளிச்சத்தைக் குறைக்காதீர்கள். மடிப்பைக் கொன்றது செறிவுதான், வெளிச்சம் இல்லை.

செறிவு குறைந்ததும் புடவை கொஞ்சம் சப்பென்று தோன்றும். அதை நிறத்தால் ஈடுகட்ட முயலாமல், அதே மாஸ்க்கோடு ஒரு Curves லேயரை Luminosity முறையில் வைத்து மடிப்பின் மேடு பள்ளத்தை லேசாகக் கூட்டுங்கள். பட்டு பட்டாகத் தெரிவது மின்னலுக்கும் நிழலுக்கும் உள்ள தூரத்தால்தான். நிறம் முற்றிக் கிடப்பதால் அல்ல.

இனி படத்தின் நகலைத் தட்டையாக்கி, Edit மெனுவில் Convert to Profile. இலக்கு sRGB IEC61966-2.1, முறை Relative Colorimetric. பக்கத்திலேயே இருக்கும் Assign Profile-ஐத் தொட்டுவிடாதீர்கள். அது எண்களை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றும். மேலே கணக்குப் போட்டுப் பார்த்த அதே வெளிறல் நம் கையாலேயே நடந்துவிடும். மாற்றியதும் பச்சைச் சேனலை ஒருமுறை பார்த்துவிட்டு, அளவைக் குறைத்து, 8 பிட் ஜேபெக்காக, Embed Color Profile குறியோடு சேமியுங்கள். எஸ்ஆர்ஜிபிதானே, ப்ரொஃபைல் எதற்கு என்று விட்டுவிட வேண்டாம். அகல நிறத் திரையில் ப்ரொஃபைல் இல்லாத படத்தைச் சில மென்பொருள்கள் நீட்டிக் காட்டும்; முகம் வெயிலில் சுட்ட சிவப்பாகிவிடும்.

## ப்ரொஃபைல் தொலையும் இடங்கள்

இருப்பிடத் தகவலை நீக்கவோ கோப்பைச் சுருக்கவோ ஒரு கருவியில் போடும்போதுதான் அடிக்கடி தொலைகிறது. எக்ஸிஃப்டூலில் எல்லாவற்றையும் நீக்கச் சொன்னால் ப்ரொஃபைலையும் சேர்த்தே நீக்கும். கீழே முதல் வரி ப்ரொஃபைலின் பெயரைக் காட்டும். இரண்டாவது, ப்ரொஃபைலை விட்டுவிட்டு மற்ற தகவல்களை நீக்கும்.

```
exiftool -ICC_Profile:ProfileDescription padam.jpg
exiftool -all= --icc_profile:all padam.jpg
```

முதல் கட்டளைக்குப் பதிலே வரவில்லை என்றால் கோப்பில் ப்ரொஃபைல் இல்லை என்று அர்த்தம்.

## யாருக்கு எது

படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று தெரியாதபோது எஸ்ஆர்ஜிபி. குடும்ப வாட்ஸ்அப் குழு, சமூக வலைத்தளம், அழைப்பிதழ் செய்பவருக்கு அனுப்பும் படம் எல்லாம் இதில் அடங்கும். தாத்தாவின் பழைய போன் முதல் மாமாவின் அலுவலக மானிட்டர் வரை முகம் முகமாக இருக்கும்.

மணப்பெண்ணே ஐபோனில் பார்க்கப் போகிறாள், கோப்பை நேரடியாக அவள் கையில் சேர்க்கிறோம் என்றால் பி3 கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமெண்ட்டாக அனுப்ப வேண்டும்; அப்போதுதான் கோப்பு மறுபடி சுருக்கப்படாமல் போகும். கூடவே எஸ்ஆர்ஜிபி பிரதி ஒன்றையும், பெயரில் வேறுபாடு தெரியும்படி கொடுத்துவிடுங்கள். அவள் இந்தப் படத்தை எங்கெல்லாம் ஏற்றுவாள் என்பது நம் கையில் இல்லை.

சொந்தத் தளம் வைத்திருக்கும் போட்டோகிராபருக்கு இரண்டையும் சேர்த்தே வைக்கும் வசதி இருக்கிறது. பி3 திரைக்கு ஒரு கோப்பு, மற்றவர்களுக்கு நாம் கையால் சரிசெய்த எஸ்ஆர்ஜிபி கோப்பு:

```html
<picture>
  <source srcset="pattu-p3.jpg" media="(color-gamut: p3)">
  <img src="pattu-srgb.jpg" alt="முகூர்த்தப் பட்டில் மணப்பெண்">
</picture>
```

வெட்டை யார் செய்வது என்ற என் உறுத்தல் இங்கே தீர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு முறை வேலை செய்ய வேண்டும் என்பதால் முழு ஆல்பத்துக்கும் இதைச் செய்ய மாட்டேன். முகப்பில் நிற்கும் சில படங்களுக்குச் செய்யலாம்.

வேறு யாரோ நடத்தும் தளத்தில் பி3 போட ஆசையிருந்தால், அந்தத் தளம் கோப்பை என்ன செய்கிறது என்று முதலில் சோதித்துவிடுங்கள். டிஸ்ப்ளே பி3 கோப்பு ஒன்றைத் திறந்து, பின்னணி முழுக்க 234, 51, 35 நிரப்புங்கள். எஸ்ஆர்ஜிபியின் முழுச் சிவப்புக்குப் பி3-ல் இதுதான் எண். அதன் மேல் 255, 0, 0-ல் பெரிதாக ஓர் எழுத்து. ப்ரொஃபைலோடு உயர்தர ஜேபெக்காக ஏற்றி, முதலில் சாதாரண எஸ்ஆர்ஜிபி மானிட்டரில் பாருங்கள். எழுத்து பளிச்சென்று தெரிந்தால் தளம் ப்ரொஃபைலைப் பிய்த்துவிட்டது. அங்கே பி3 போடவே கூடாது. தெரியவில்லை என்றால் ஐபோனில் பாருங்கள். எழுத்து அங்கே தெரிந்தால் பி3 அப்படியே போய்ச் சேர்கிறது. அங்கேயும் தெரியவில்லை என்றால் தளம் தானே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுகிறது. அந்த மாற்றத்தை நீங்களே செய்து கொடுப்பது புடவைக்கு நல்லது.